பல்கலைக்கழக அறிவிப்பைப் பெற்றோருக்குக் கடிதமாக எழுதுதல்: கேள்வி பதில்

பதிலளிப்பவர் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.

முதலாண்டு மாணவி: கட்டணம், விடுதி பற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து பன்னிரண்டு பக்க அறிவிப்பு வந்திருக்கிறது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எதை முதலில் எழுதுவது?

பணம் எந்த நாளில் உங்கள் பெற்றோரின் வங்கியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை எழுதுங்கள். அறிவிப்பில் அந்த நாள் இருக்காது; பல்கலைக்கழகத்தின் கணக்கில் பணம் வரவாக வேண்டிய நாள்தான் இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் அபராதம் கட்டிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாணவர், "செப்டம்பர் 30க்குள் 4,000 கட்ட வேண்டும்" என்று மட்டும் வீட்டுக்கு எழுதியிருந்தார். 30ஆம் தேதி திங்கட்கிழமை. தந்தை 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் வங்கிக்குச் சென்று பணத்தை அனுப்பிவிட்டு, மூன்று நாள் மிச்சம் இருப்பதாக நிம்மதியடைந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வங்கிகள் இயங்கவில்லை. பணம் அக்டோபர் 2ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. அதுவும் 3,975ஆக வந்தது, ஏனெனில் இடையிலிருந்த வங்கியொன்று தன் கட்டணமாக 25ஐ எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே தாமதம், நிலுவை என்று அவர் கணக்கில் இரண்டு குறைகள் பதிவாயின.

அவர் எழுதியிருக்க வேண்டிய வரி இது: "அப்பா, 30ஆம் தேதி மாலை 5 மணிக்குள் 4,000 முழுமையாக இங்கே வந்து சேர வேண்டும், ஆகையால் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்." அந்த மாலை 5 மணி பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதுகலை மாணவர்: வங்கிப் படிவத்தில் OUR என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுத்தொகையும் வந்துவிடுமே? பிடித்தம் பற்றி எதற்கு எழுத வேண்டும்?

நீங்கள் சொல்வது பாதி சரி. OUR என்றால் வழியிலுள்ள கட்டணங்களை அனுப்புபவரே ஏற்கிறார். அதே படிவத்தில் SHA என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவர் தம் வங்கியின் கட்டணத்தை மட்டும் ஏற்க, மற்றவை அனுப்பும் தொகையிலிருந்தே கழியக்கூடும். ஆனால் படிவத்தை நிரப்பப்போவது நீங்கள் அல்ல, உங்கள் பெற்றோர். அவர்களிடம் சொல்லாவிட்டால், வங்கி ஊழியர் வழக்கமாகக் குறிப்பதையே குறித்துவிடுவார். OUR என்று குறித்த பிறகும் பெறும் வங்கி சிறு தொகையைப் பிடித்ததுண்டு. எனவே பணம் வந்ததும் உங்கள் கட்டணக் கணக்கைத் திறந்து நிலுவை பூஜ்யம்தானா என்று பாருங்கள்.

படிவத்தின் குறிப்புப் பகுதியில் உங்கள் மாணவர் எண் மட்டும் இருக்கட்டும் என்றும் எழுதிவிடுங்கள். தந்தையின் பெயரில் வரும் பணத்தில் அந்த எண் இல்லையென்றால், அது யாருக்குரியது என்று தெரியாமல் பொதுக்கணக்கிலேயே கிடக்கும்.

ஒரு தந்தை: விடுதிக்கு இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று என் மகள் எழுதவே இல்லை. மறைக்கிறாளோ?

அப்படி எண்ண வேண்டாம், ஐயா. பல நாடுகளின் பல்கலைக்கழக விடுதிகளில் அத்தகைய விதியே கிடையாது. அமைதி காக்க வேண்டிய நேரமும், விருந்தினர் தங்குவதற்கான வரம்பும்தான் இருக்கும். விடுதி ஒப்பந்தம் எத்தனை வாரத்துக்கு, இடையில் விலகினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் அவரிடம் கேளுங்கள்.

இரண்டாமாண்டு மாணவர்: இடையில் விடுதியை விட்டு வந்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் என்று எழுதிவிட்டேன். என் நண்பருக்கு அப்படித்தான் கிடைத்தது.

உங்கள் நண்பருக்கு வைப்புத்தொகை கிடைத்திருக்கும். மீதி மாதங்களின் வாடகை என்னவாயிற்று என்று அவரைக் கேட்டீர்களா? வைப்புத்தொகை அறையின் சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக இருப்பது. வாடகையோ ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் உரியது. 40 வார ஒப்பந்தத்தில் 20ஆம் வாரம் வெளியேறினால், அந்த அறைக்கு வேறொருவர் வரும்வரை வாடகை உங்கள் பெயரிலேயே ஏறிக்கொண்டிருக்கலாம். சில இடங்களில் முன்னறிவிப்புக் கொடுத்தால் விலக்கு உண்டு. இந்த ஒரு விதியை மட்டும் சுருக்காமல், அறிவிப்பில் உள்ளவாறே வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்புங்கள்.

முதலாண்டு மாணவர்: கட்டணம் கட்டாவிட்டால் மாணவர் பதிவு ரத்தாகும் என்ற வரியைப் படித்தால் அம்மா தூங்கமாட்டார். விட்டுவிடலாமா?

நான் எழுதச் சொல்வேன். என்னுடன் பணியாற்றிய ஒருவர், மாணவரே பார்த்துக்கொள்ளக்கூடியதை வீட்டுக்கு எழுத வேண்டியதில்லை என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பதிவு ரத்தானால் பல நாடுகளில் விசாவும் சிக்கலுக்குள்ளாகும் என்பதால் நான் மறைக்கத் துணியமாட்டேன். பெரும்பாலும் முதலில் அபராதம், பிறகு இணையக் கணக்கு முடக்கம், கடைசியில்தான் ரத்து என்று படிப்படியாகவே நடக்கும். உங்கள் அறிவிப்பில் இந்தப் படிகளுக்குத் தேதிகள் இருந்தால் அவற்றை அதே வரிசையில் எழுதுங்கள். தவணை கேட்கும் விண்ணப்பத்துக்குத் தனியே ஒரு கடைசி நாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் கட்டண நாளுக்கு முன்பே முடிந்துவிடும். இருந்தால் அந்தத் தேதியை அம்மாவுக்கு முதலில் எழுதுங்கள்.