லூடோ பகடை, ரம்மி சீட்டு: ஆப் ஏமாற்றினால் நமக்குத் தெரியுமா?

கேள்வி: லூடோ ஆப்பில் எனக்கு மட்டும் 6 விழவே மாட்டேங்குது. ரம்மியில் பணம் கட்டினதும் கை மோசமாகிடுது. இந்தப் பகடை, சீட்டு எல்லாம் உள்ளே எப்படித்தான் விழுது? ஏமாத்துறாங்கன்னா நம்மால கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

உங்களுக்கு விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், பெரும்பாலும் முடியாது. அப்பட்டமாக ஏமாற்றினால் தெரியும், லேசாக ஏமாற்றினால் தெரியாது. ஏன் என்று முதலில் பகடையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நேர்மையான பகடையில் 12 முறை உருட்டியும் ஒரு 6 கூட விழாமல் போக 11 சதவீத வாய்ப்பு உண்டு. நான்கு பேர் ஆடுகிறீர்கள் என்றால், அவர்களில் ஒருவராவது முதல் 12 உருட்டலில் காயை வெளியே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்க 38 சதவீத வாய்ப்பு. அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் யாரோ ஒருவர் “ஆப் என்னை மட்டும் வஞ்சிக்கிறது” என்று புலம்பத்தான் செய்வார். அன்றைக்கு அது நீங்களாக இருக்கலாம்.

சரி, புலம்பாமல் எண்ணியே பார்க்கலாம் என்று 600 உருட்டல்களைக் குறித்து வைக்கிறீர்கள். 6 சராசரியாக 100 முறை வர வேண்டும். ஆனால் 82 முதல் 118 வரை எது வந்தாலும் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இப்போது ஆப் உண்மையிலேயே கை வைத்து, 6 விழும் வாய்ப்பை 16.7 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்திருக்கிறது என்று வையுங்கள். உங்களுக்கு 90 வாக்கில் வரும். 90 நேர்மையான பகடையிலும் சாதாரணமாக வரும் எண்தான். இந்த அளவு தில்லுமுல்லைத் துணிந்து சொல்ல 4,500 உருட்டல்களாவது வேண்டும். அதையும் எரிச்சல் வந்த பிறகு எண்ண ஆரம்பிக்கக் கூடாது. இந்த ஆட்டத்திலிருந்து என்று முன்கூட்டியே முடிவு செய்து, நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ரம்மியில் இன்னும் சிக்கல். ஜெயித்தோமா தோற்றோமா என்பதில் எதிரில் இருப்பவரின் திறமையும் கலந்திருக்கிறது. காசில்லாத மேசையில் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் அதிகம், காசு மேசையில் கணக்குப் பார்த்து ஆடுபவர்கள் அதிகம். அதனால் முடிவை விட்டுவிட்டு, கைக்கு வந்த 13 சீட்டை மட்டும் பாருங்கள். இரண்டு கட்டு, கட்டுக்கு ஒரு ஜோக்கர் என்று ஆடும் மேசையில், ஜோக்கர் எது என்று காட்ட ஒரு சீட்டைத் திருப்பி வைத்த பிறகு மீதி 105 சீட்டு. அதில் ஜோக்கராகப் பயன்படுவது 9. ஒரு கைக்குச் சராசரியாக ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஆனால் ஒரு ஜோக்கர்கூட வராத கை 29 சதவீதம்! பத்துக் கையில் கிட்டத்தட்ட மூன்று மொட்டையாகத்தான் வரும். நிறைய பேருக்கு இதைச் சொன்னால் நம்பிக்கையே வராது.

அடுத்து, உள்ளே எப்படி நடக்கிறது என்பது. கணினி பகடையை உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, வரும் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைச் செய்கிறது. அந்தத் தொடக்க எண்ணை விதை எண் என்போம். விதை அதே என்றால் வரும் வரிசையும் அச்சு அசலாக அதேதான். ஆகவே, அந்த விதையை வேறு யாராவது ஊகிக்க முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படி ஊகிக்க முடிந்த ஒரு கதை இருக்கிறது. 1999இல் பிளானட் போக்கர் என்ற இணையச் சூதாட்டத் தளம் ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் ஓடியது. நாங்கள் எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று காட்ட, சீட்டு கலைக்கும் நிரலையே அந்த நிறுவனம் பொதுவில் போட்டுவிட்டது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதை வாசித்தார்கள். மையமான பகுதி இதுதான்:

```
randomize;
for ctr := 1 to 52 do begin
  random_number := random(51)+1;
  tmp := card[random_number];
  card[random_number] := card[ctr];
  card[ctr] := tmp;
end;
```

இந்த மொழியில் `random(51)` என்றால் 0 முதல் 50 வரை. ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 51. 52 வரவே வராது. அதனால் 52ஆம் இடத்தில் தொடங்கும் சீட்டு, கலைத்து முடித்த பிறகு 52ஆம் இடத்தில் இருக்கவே முடியாது. சரி, 51ஐ 52 என்று திருத்திவிட்டால் போதுமா? போதாது. மூன்றே சீட்டை வைத்து இந்த முறையைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று தேர்வு, ஆக 3×3×3 = 27 வழி. ஆனால் மூன்று சீட்டை அடுக்க 6 வரிசைதான் உண்டு. 27ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. மூன்று வரிசைகள் 27இல் 5 முறையும், மற்ற மூன்று 4 முறையும் வரும். சரியான முறை, ஒரு இடத்தை நிரப்பியதும் அதைத் தொடாமல், மீதி இருக்கும் சீட்டுகளிலிருந்து மட்டும் அடுத்ததை எடுப்பது. 3×2×1, சரியாக 6.

பெரிய ஓட்டை முதல் வரியில் இருந்தது. `randomize` விதை எண்ணாக எடுத்தது, நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை. ஒரு நாளில் அது மொத்தம் 8 கோடியே 64 லட்சம். 52 சீட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண். அத்தனை வழிகளில் அந்தத் தளத்தில் வரக்கூடியது வெறும் 8 கோடிச் சொச்சம். ஆய்வாளர்கள் தங்கள் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்ததும் அதுவும் சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. அந்த 2 லட்சத்தையும் கணினியில் கலைத்துப் பார்ப்பது அன்றைக்கே சில நொடி வேலை. தன் கையில் இருக்கும் 2 சீட்டு, நடுவில் திறந்து வைத்த 3 சீட்டு என ஐந்து தெரிந்ததும், அந்த ஐந்தோடு பொருந்தும் கட்டு எது என்று தேடினார்கள். ஐந்து குறிப்பிட்ட இடங்களை நிரப்ப 31 கோடிக்கு மேல் வழி இருக்கும்போது, 2 லட்சத்தில் பொருந்துவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவுதான், மேசையில் இருக்கும் எல்லோர் கையும் தெரிந்துவிடும். இனி திறக்கப்போகும் சீட்டும் தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மேசையில் உட்கார்ந்து ஆடியவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. சீட்டுகள் கலைந்துதான் வந்தன. பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

இன்று உருப்படியான தளங்கள் கடிகாரத்தை நம்புவதில்லை. வன்பொருளில் எழும் ஒழுங்கற்ற சிறு மாற்றங்களிலிருந்து இயங்குதளம் சேர்க்கும் எண்களை விதையாக எடுத்து, முந்தைய எண்களைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க முடியாத சூத்திரத்தில் போடுகிறார்கள். ஐடெக் லேப்ஸ் மாதிரி சோதனைக்கூடங்கள் இதைப் பார்த்துச் சான்றிதழும் தருகின்றன. அந்தச் சான்றிதழ், எண்களை உருவாக்கும் இயந்திரத்துக்கானது. அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் கையை யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

பார்த்திருக்கிறார்கள். 2007இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் சில கணக்குகளுக்கு மற்றவர்களின் மறைந்த சீட்டுகள் தெரிந்தன. கலைத்தலில் பிழை எதுவும் இல்லை. உள்ளிருந்தே எட்டிப் பார்த்தார்கள். கண்டுபிடித்தது ஆட்டக்காரர்கள்தான். ஒரு போட்டியின் பதிவைக் கேட்டு வாங்கிய ஒருவருக்கு எல்லோருடைய சீட்டுகளும் அடங்கிய கோப்பே வந்து சேர்ந்தது. அதை அலசியபோது, குறிப்பிட்ட ஆள் எதிராளியிடம் நல்ல சீட்டு இருக்கும்போது மட்டும் அந்தக் கையிலிருந்து விலகிவிட்டு, இல்லாதபோது எதை வைத்துக்கொண்டும் துணிந்து பந்தயத்தை ஏற்றியது தெரிந்தது. உரிமம் கொடுத்த கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் பிறகு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆக, சீட்டு எப்படி விழுகிறது என்பதைவிட, எதிரில் இருப்பவர் அதை வைத்து எப்படி ஆடுகிறார் என்பதில்தான் தடயம் கிடைக்கும். ஆட்டப் பதிவைத் தரவிறக்க விடாத தளத்தை நான் இதனாலேயே சந்தேகிப்பேன்.

பகடை ஆட்டத்தில் ஆட்டக்காரரே சரிபார்க்க ஒரு வழி உண்டு. கிரிப்டோ நாணயத்தில் ஆடும் தளங்கள் சிலவற்றில் இருக்கிறது. தளம் தன் விதையை முதலில் சொல்லாது. அதை SHA-256 என்ற சூத்திரத்தில் போட்டு வரும் கைரேகையை மட்டும் காட்டும். அந்தக் கைரேகையிலிருந்து விதையைத் திரும்ப எடுக்க முடியாது, பிறகு விதையை மாற்றினால் கைரேகை ஒத்துப்போகாது. நீங்கள் உங்கள் சார்பில் ஒரு விதை தருவீர்கள். இரண்டையும், எத்தனையாவது உருட்டல் என்ற எண்ணையும் கலந்து 0 முதல் 9, a முதல் f வரையிலான குறிகளால் ஆன பதினாறடிமான எழுத்துச் சரம் ஒன்று வரும். வழக்கமான ஒரு முறையில் அதன் முதல் 5 எழுத்தை எடுப்பார்கள். உதாரணத்துக்கு `3a7f1` என்றால் நம் வழக்கமான எண்ணில் 239601. பத்தாயிரத்தால் வகுத்த மீதி 9601. பகடை 96.01 என்று விழும். ஆடி முடித்ததும் தளம் பழைய விதையை வெளியிடும். அதை லினக்ஸ் கணினியில் இப்படிப் போட்டால் முதலில் காட்டிய கைரேகை வர வேண்டும்:

```
echo -n "வெளியிட்ட விதை" | sha256sum
```

அதன் பிறகு ஒவ்வொரு உருட்டலையும் நீங்களே மறுபடி கணக்கிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தளத்தின் கைரேகையைப் பார்த்த பிறகுதான் உங்கள் விதையை மாற்ற வேண்டும். முன்பே கொடுத்துவிட்டால், உங்கள் விதைக்கு எது தோல்வி தருமோ அந்தமாதிரி விதையாகப் பார்த்து அவர்கள் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. இவ்வளவும் சரியாக இருந்தாலும், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பந்தயத்துக்கு இரண்டு மடங்கு தராமல் 1.98 மடங்கு தருவார்கள். எந்தத் தில்லுமுல்லும் இல்லாமலே கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 1 ரூபாய் அவர்களுக்கு.

காசு இல்லாத லூடோ ஆப்புக்கு இந்தச் சோதனை, சான்றிதழ் எதுவும் கட்டாயமில்லை. விறுவிறுப்புக்காகப் பின்தங்கியவருக்கு 6 கூட்டிக் கொடுத்தாலும் கேட்பாரில்லை. பணம் கட்டும் ரம்மி விஷயம் வேறு. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே இந்தியாவில் தடை செய்துவிட்டது. இப்போதும் உங்களைப் பணம் கட்டச் சொல்லும் ஆப் எது என்று பாருங்கள். அது சட்டத்துக்கு வெளியே ஓடுவது. அதன் சான்றிதழ் உண்மையா என்று கேட்கவோ, ஆட்டப் பதிவைக் கொடு என்று கட்டாயப்படுத்தவோ இங்கே ஆள் கிடையாது.