லண்டன் பார்சல்: 4.6 கிலோ எப்படி 9.5 கிலோ ஆனது?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: லண்டனில் இருக்கும் தங்கைக்கு இரண்டு புடவை, காபித்தூள், தட்டுவடை, ஒரு எவர்சில்வர் தூக்கு அனுப்பப் போனேன். பெட்டியோடு தராசில் 4.6 கிலோ. ஏஜென்ட் 9.5 கிலோவுக்குப் பணம் கேட்கிறார். இது ஏமாற்று வேலைதானே?

இல்லை அம்மா, அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. விமானத்தில் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்திற்கும் விலை உண்டு என்பதால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவது பெரும்பாலான எக்ஸ்பிரஸ் கூரியர்களின் வழக்கம். உங்கள் பெட்டி என்ன அளவு?

அவரே: 45, 35, 30. பழைய மிக்சி பெட்டி.

அதைப் பெருக்கினால் 47,250; 5000 ஆல் வகுத்தால் 9.45. ஸ்லாப் அரை கிலோவுக்கு ஒன்று என்பதால் 9.5 ஆகிவிட்டது. அதே பொருள்களை 40, 30, 20 அளவுள்ள பெட்டியில் அடைத்தால் 4.8 வரும், கட்டணம் 5 கிலோவுக்குத்தான். இதற்கு முதலில் தூக்கின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் காபித்தூள் பாக்கெட்டுகளால் நிரப்புங்கள். தட்டுவடை நொறுங்காமலிருக்க அதைச் சுற்றிப் புடவையையே மெத்தையாக வைத்தால் தெர்மாகோல் தேவைப்படாது.

கிலோ 700 ரூபாய், பேக்கிங் 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 9.5 கிலோவுக்கு 6,950 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 8,201. 5 கிலோவுக்கு 3,800, ஜிஎஸ்டியோடு 4,484. பெட்டியை மாற்றியதில் மட்டும் 3,717 ரூபாய் மிச்சம். எரிபொருள் கூடுதல் கட்டணம் இந்தக் கிலோ விலைக்குள் அடங்குமா, தனியா என்பதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பெட்டியின் வயிறு புடைத்திருந்தால், அந்தப் புடைப்பையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். அளவு 5 கிலோவைச் சற்றே தாண்டினாலும் 5.5 ஆகிவிடும், எனவே டேப் ஒட்டி முடித்த பிறகு ஒரு முறை அளந்து பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கிஃப்ட் என்று எழுதி, மதிப்பை 10 பவுண்டு என்று போட்டால் அங்கே வரியே கிடையாது. நான் வெள்ளிக் கொலுசுகூட அப்படித்தான் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

ஐயா சொல்வது பாதி சரி. பிரிட்டனில் ஒரு தனிநபர் மற்றொரு தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண்டு வரை இருந்தால் இறக்குமதி வாட் இல்லை. சுங்கத் தீர்வை 135 பவுண்டைத் தாண்டினால்தான் வரும். ஆனால் 39-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்து முழுத் தொகைக்கும் வாட் போடுவார்கள். பொருளின் மதிப்பு 45 பவுண்டு, அனுப்பும் செலவு 40 பவுண்டு என்றால், மொத்தம் 85 பவுண்டுக்கு 20 சதவீதமாக 17 பவுண்டு கேட்பார்கள். அதோடு கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் தங்கையிடம்தான் வசூலிக்கும். பரிசு வாங்குபவருக்குச் செலவு வைப்பது இந்த இடத்தில்தான்.

பொய் மதிப்பு எழுதினால், பட்டுப் புடவையைப் பார்க்கும் அதிகாரி நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்த 10 பவுண்டுக்குத்தான் கிடைக்கும். நேர்மையான வழி ஒன்று உண்டு. தங்கைக்கும் அவர் கணவருக்கும் தனித்தனிப் பரிசு என்றால், தனித்தனியே சுற்றி, பெயரும் விலையும் எழுதிப் பட்டியலிட்டால், ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அந்த 39 பவுண்டு சலுகை உண்டு.

கொலுசு வேறு விஷயம். நகையைப் பல கூரியர்கள் ஏற்பதே இல்லை. மறைத்து வைத்து அனுப்பினால் இழப்பீடு கேட்க வழியில்லை.

ஏற்காட்டிலிருந்து: நாங்கள் வறுத்த காபிக்கொட்டையும் மிளகும் அமெரிக்காவில் உள்ள மகனுக்கு அனுப்புகிறோம். 800 டாலர் வரை வரியில்லை அல்லவா? அதனால் இந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது.

எடைக் கணக்கு உங்களுக்கும் அதேதான். ஆனால் 1 கிலோ பொருள் 5 லிட்டர் இடத்திற்குள் அடங்கினால் தராசு எடைதான் மேலோங்கும். கொட்டையும் மிளகும் அப்படி அடங்கிவிடும் என்பதால் பெட்டியைப் பற்றி உங்களுக்குக் கவலை குறைவு. அந்த 800 டாலர் சலுகை மட்டும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அமெரிக்க விதிகள் அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் நாளில் ஏஜென்டிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து மீண்டும்: தங்கை பால்கோவாவும் கேட்டிருக்கிறாள். அதையும் தூக்கில் வைத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. பால் பொருள்களை இந்தியாவிலிருந்து தபாலிலோ கூரியரிலோ பிரிட்டனுக்கு அனுப்ப அனுமதி இல்லை. எடுத்துப் போட்டுவிடுவார்கள், நீங்கள் கட்டிய அனுப்புகைக் கட்டணம் திரும்பி வராது.