வங்கியில் பிடித்தது ரூ.10,500, ரசீதில் ரூ.10,000

கேள்வி: 2025 மார்ச் 30 அன்று, நிதி திரட்டும் இணையதளம் ஒன்றின் மூலம் முதியோர் இல்லம் நடத்தும் அறக்கட்டளைக்கு யுபிஐ-யில் நன்கொடை அனுப்பினேன். என் கணக்கில் ரூ.10,500 பிடித்தார்கள். ரசீதோ ரூ.10,000-க்குத்தான் வந்தது, அதுவும் ஏப்ரல் 2 தேதியிட்டு. வங்கி ஸ்டேட்மென்ட்டில் அறக்கட்டளையின் பெயரே இல்லை. 2024-25 வருமானத்துக்கு, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவில் எவ்வளவு காட்டலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: ரூ.10,000 காட்டலாம். ஆனால் அதற்கு முன் அந்த ரசீதைத் திருத்தி வாங்குங்கள்.

முதலில் அந்த 500 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் இத்தகைய தளங்கள் தங்களுக்கென்று ஒரு 'டிப்' தொகையைத் தாங்களாகவே சேர்த்து வைத்திருப்பது உண்டு. கவனித்து எடுத்துவிட்டால் போயிற்று. அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை. அது தளத்துக்குப் போன காசு, அறக்கட்டளைக்குப் போகவில்லை. எனவே அதற்கு வரிச்சலுகை கிடையாது. பணம் கட்டியதும் வந்த மின்னஞ்சலில் 10,000 + 500 என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். அதைச் சேமித்து வையுங்கள். ஸ்டேட்மென்ட்டுக்கும் ரசீதுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க அது ஒன்றே போதும். ஸ்டேட்மென்ட்டில் வேறு பெயர் இருப்பதற்கும் காரணம் இதேதான்: பணத்தை வாங்கியது தளமோ அதன் பேமென்ட் கேட்வேயோதான். பெயர் பொருந்தாவிட்டாலும் யுபிஐ பரிவர்த்தனை எண் பொருந்த வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் உள்ள எண்ணும் அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

உண்மையான சிக்கல் தேதியில் இருக்கிறது. மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு. தளத்திடமிருந்து பணம் அறக்கட்டளையின் கணக்குக்கு வந்த நாளை வைத்து ரசீது போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. நீங்கள் கொடுத்தது எந்த நிதியாண்டில் என்பதுதான் 80ஜி-க்கு முக்கியம். அந்த வகையில் இது 2024-25 தான். ஆனால் ரசீது தேதியை வைத்து அறக்கட்டளை இதை அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏற்றிவிட்டால், உங்களுக்கு வர வேண்டிய சான்றிதழும் அடுத்த ஆண்டுக்கே வரும்.

அந்தச் சான்றிதழின் பெயர் படிவம் 10பிஇ. 2021-22 முதல், நன்கொடை வாங்கும் அமைப்புகள் ஒவ்வொரு கொடையாளரின் பெயர், பான், தொகை ஆகியவற்றைப் படிவம் 10பிடி-யில் வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அதைச் செய்துவிட்டு, போர்ட்டலிலிருந்து 10பிஇ-யை இறக்கி உங்களுக்குத் தர வேண்டும். துறையிடம் இருப்பது இந்த விவரம்தான். அதனால் கையில் இருக்கும் அழகான ரசீதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஆகவே பரிவர்த்தனை எண், ஸ்டேட்மென்ட்டின் அந்த ஒரு வரி, தளத்தின் மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து அறக்கட்டளைக்கு எழுதுங்கள். மார்ச் 30 தேதியிட்ட ரசீதும், 2024-25 நிதியாண்டுக்கான 10பிஇ-யும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். 10பிடி-யை ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டோம் என்று சொன்னால், திருத்திய அறிக்கை தாக்கல் செய்ய வழி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

புது ரசீது வந்ததும் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த நன்கொடை உங்கள் பெயரில் ஏறாது. தொகை, தேதி, செலுத்திய விதம், அறக்கட்டளையின் முகவரி, அதன் பான், 80ஜி ஒப்புதல் எண், அது எதுவரை செல்லும் என்பது எல்லாம் வேண்டும். 'வாழ்நாள் ஒப்புதல்' என்று பழைய எண்ணையே இன்னும் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. 2021-க்குப் பிறகு எல்லா அமைப்புகளும் புதிதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் புதிய எண் அமைப்பின் பான் எண்ணில்தான் தொடங்கும். தொடக்கத்திலேயே பொருந்தவில்லை என்றால் விசாரியுங்கள்.

ரிட்டர்னில் 80ஜி அட்டவணையில், 50 சதவீதக் கழிவு, உச்சவரம்பு உண்டு என்ற பகுதியில் தொகையையும் 10பிஇ-யில் உள்ள ஏஆர்என் எண்ணையும் நிரப்புங்கள். இத்தகைய அறக்கட்டளைகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் வரும். அப்படியானால் கழிவது ரூ.5,000. நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து மிச்சமாவது ரூ.1,040. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான். புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை என்பதால், எந்த முறை உங்களுக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அறக்கட்டளையைத் துரத்துங்கள். 10பிஇ வருவதற்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டி வந்தால், இதை விட்டுவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். 2025 டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்னில் சேர்த்துக்கொள்ளலாம்.