விளம்பரச் செலவை எதனால் வகுப்பது?

"இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கிறேன். போட்ட பணம் திரும்புகிறதா என்று என் ஆர்டர் பதிவை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். விளம்பரச் செலவை மொத்த ஆர்டர்களால் வகுக்காதீர்கள், புது வாடிக்கையாளர்களால் வகுங்கள். புதியவர் யார் என்பதைத் தொலைபேசி எண்தான் காட்டும். பெயரை நம்ப முடியாது. ஒருவரே இம்முறை இனிஷியலோடும் அடுத்த முறை இல்லாமலும் எழுதுவார்.

கடை தொடங்கிய நாளிலிருந்து வாடிக்கையாளர் கையில் சேர்ந்த எல்லா ஆர்டர்களையும் ஒரே எக்செல் தாளில் வையுங்கள். இந்த ஆண்டை மட்டும் எடுத்தால் பழையவர்களும் புதியவர்களாகத் தெரிவார்கள். A பத்தியில் தேதி, B-யில் எண் இருந்தால், C2, D2 கட்டங்களில் முறையே இவற்றை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
=MINIFS(A:A,C:C,C2)
```

முதல் வரி +91, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிக் கடைசி 10 இலக்கங்களைத் தரும். இரண்டாவது, அந்த எண்ணின் முதல் ஆர்டர் தேதி. A-யும் D-யும் ஒன்றானால் அவர் அன்று புதியவர்.

ஜனவரியில் விளம்பரத்துக்கு 20,000 ரூபாய், 150 ஆர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் 133 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாதவருக்குச் செலவு 23,600. பொருள் வந்த பின் பணம் என்ற முறையில் அனுப்பியதில் 18 பார்சல்கள் திரும்பி வந்தன. போக்குவரத்துக் கூரியர் செலவு தலா 100 வீதம் 1,800. மீதி 132 பேரில் 32 பேர் பழையவர்கள். ஆக 25,400 ரூபாய்க்கு 100 புதியவர்கள், ஒருவருக்கு 254.

வரவுப் பக்கத்தில் விற்பனைத் தொகையை எழுதாதீர்கள். 500 ரூபாய் ஆர்டரில் பொருள், பொதி, கூரியர், பணப் பரிமாற்றக் கட்டணம் போக 150 நிற்கிறது என்றால் அதுதான் கணக்கு. அந்த 100 பேரும் அடுத்த ஆறு மாதங்களில் சேர்ந்து 60 ஆர்டர்கள் கொடுத்தால் 9,000 ரூபாய், தலைக்கு 90. முதல் ஆர்டரின் 150-ஐச் சேர்த்தால் 240. ஆளுக்கு 14 ரூபாய் நட்டம்.

மே மாதம் வந்தவர்களை ஜூலையிலேயே ஜனவரிக்காரர்களோடு ஒப்பிட வேண்டாம். அவர்களுக்கும் ஆறு மாதம் ஆகட்டும். பொடி தீர்ந்தால்தானே மறுபடி வாங்குவார்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 100 பேரில் சிலர் யாரோ சொல்லிக் கேட்டு வந்திருப்பார்கள். விளம்பரத்தை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். பண்டிகைக் காலமாக இருக்கக் கூடாது. அப்போது 15 புதியவர்கள் வந்தால், மாதத்துக்குச் சுமார் 30 பேர் விளம்பரமில்லாமலே வருபவர்கள். 25,400-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 363 ரூபாய். விளம்பரத்தைக் கூட்டலாமா என்று முடிவெடுக்க நான் இந்த எண்ணையே பார்ப்பேன்.