சோப்புக்கு டேக் வருகிறது, எண்ணெய்க்கு ஏன் வருவதில்லை?

“இன்ஸ்டாகிராமில் மூலிகை சோப்பும் கூந்தல் எண்ணெயும் விற்கிறேன். சோப்பை டேக் செய்ய முடிகிறது. எண்ணெய் மட்டும் நிராகரிக்கப்படுகிறது. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே பதில்தான். என்ன செய்வது?”

டேக் என்பது உங்கள் கேட்டலாகில் உள்ள ஒரு பொருளைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. பதிவில் எண்ணெய்ப் படத்தைத் தொட்டால் வரும் பெயர், விலை, படம் எல்லாம் கேட்டலாகிலிருந்து வருபவை. அங்கே அனுமதி கிடைக்காத பொருளை எந்தப் பதிவிலும் டேக் செய்ய முடியாது. ஆகவே பதிவை மாற்றிப் பயனில்லை.

அனுமதி தருமுன் பெரும்பாலும் கணினியே செய்யும் பரிசோதனையில் பொருளின் பெயர், விவரம், படம் ஆகியவை பார்க்கப்படும். உங்கள் விவரத்தில் “முடி உதிர்வை 30 நாளில் நிறுத்தும், வழுக்கையைக் குணப்படுத்தும்” என்பது போன்ற வரி இருக்கிறதா? தேய்க்கும் முன், தேய்த்த பின் என்று இரண்டு தலைகளைக் காட்டும் படம் உண்டா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கூந்தல் எண்ணெய் அழகுப் பொருள், அதற்குத் தடையில்லை. குணப்படுத்தும் என்று எழுதியவுடன் அது மருந்தாகிவிடுகிறது. மருந்து விற்க மெட்டாவின் வணிக விதிகள் இடம் தருவதில்லை. (நம் நாட்டுச் சட்டமும் இதில் கறார்தான். மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது.)

விவரத்தை இப்படி மாற்றுங்கள்: “செம்பருத்தி, கரிசலாங்கண்ணி சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். 200 மி.லி., கண்ணாடி பாட்டில். தலைக்குத் தேய்க்க மட்டும்.” பொருள் என்ன, எவ்வளவு, எதற்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் பாட்டில் மட்டும், வெற்றுப் பின்னணியில், குறைந்தது 500 x 500 பிக்சலில் இருக்கட்டும். மேலே கைபேசி எண்ணோ “தள்ளுபடி” என்ற எழுத்தோ வேண்டாம். இணைப்பு கொண்டுபோகும் உங்கள் இணையதளப் பக்கத்திலும் அந்தப் பழைய வரியை எடுத்துவிடுங்கள். பலர் மறக்கும் இடம் அதுதான். விலையும் இரண்டிடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு Commerce Manager-இல் அந்தப் பொருளைத் திறந்தால் நிராகரிப்பின் காரணம் தெரியும். படமோ விலையோ விடுபட்டிருந்தால் அதை நிரப்பினால் போதும். விதிமீறல் என்றிருந்தால், திருத்திச் சேமித்தபின் Request review கொடுங்கள். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதை விடுங்கள்: அதே வாசகத்துக்கு அதே பதில்தான் வரும், நிராகரிப்புகள் சேர்ந்தால் கடைக்கே கட்டுப்பாடு வரலாம்.

நாளை சூரணமோ லேகியமோ சேர்க்க நினைத்தால், அதை எப்படி எழுதினாலும் அனுமதி கிடைக்காது. உட்கொள்ளும் சப்ளிமெண்ட் வகைக்கு அங்கே தடை உண்டு. அவற்றை உங்கள் இணையதளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.