இரு பத்தி ஆய்வுக்கட்டுரையைக் கைப்பேசியில் படிக்க

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குத் தினமும் பேருந்தில் போகிறேன். பக்கத்தில் இரண்டு பத்திகள் அருகருகே அமைந்த ஆய்வுக்கட்டுரைகளைக் கைப்பேசியில் படிக்கும்போது பெரிதாக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி மேலே போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பத்தியையும் தனிப் பக்கமாக்க முடியுமா?

பதில்: முடியும். பக்கத்தை நடுவில் இரண்டாக வெட்டினால் போதும். சுமார் 21.6 செ.மீ. அகலமுள்ள பக்கத்தை 6.8 செ.மீ. திரையில் அடக்கும்போது 10 புள்ளி எழுத்து ஏறத்தாழ 3 புள்ளியாகச் சுருங்குகிறது. பாதியாக வெட்டினால் 6 புள்ளிக்குச் சற்று மேலாகிறது, கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 14 புள்ளியை எட்டுகிறது. பேருந்துக் குலுக்கலில் படிப்பதற்குக் கிடைமட்டமாகப் பிடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

உபுண்டு கணினியில் `mupdf-tools` தொகுப்பை நிறுவியபின் இக்கட்டளையை இடுங்கள்:

```
mutool poster -x 2 paper.pdf halves.pdf
```

எழுத்துகள் படமாக மாறாமல் எழுத்துகளாகவே இருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்குவதில்லை. இடப் பத்தி முதலிலும் வலப் பத்தி அடுத்தும் வருவதால் படிக்கும் வரிசையும் கெடாது.

சிக்கல் எழுவது முழு அகலத்தில் அமைந்த பகுதிகளில்தான். தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் நடுவில் பிளந்துபோகும். அகன்ற அட்டவணையில் வரிசையின் பெயர் ஒரு பக்கத்திலும் அதன் எண் மறுபக்கத்திலும் நின்றுவிடும். எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றில் நான்காம் பக்கத்தில் அத்தகைய அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். மூலத்தின் 4ஆம் பக்கம் வெட்டிய கோப்பில் 7, 8ஆம் பக்கங்களாகிறது. ஆகவே வெட்டாத முதல் பக்கத்தைத் தொடக்கத்திலும், வெட்டாத நான்காம் பக்கத்தை அதன் இரு பாதிகளுக்குப் பின்னும் சேர்த்துவிடலாம்:

```
mutool merge -o phone.pdf paper.pdf 1 halves.pdf 1-8 paper.pdf 4 halves.pdf 9-16
```

மொத்தம் 18 பக்கங்கள் கிடைக்கும். அட்டவணை வரும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டி முழுதாகப் பார்த்துக்கொள்ளலாம். பத்திகளின் வாசிப்பு தடைபடாது.

பஸ்ஸில் ஏறுமுன் இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து, வலப் பத்தியில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் முழுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்து அரைகுறையாக நின்றால் பத்திகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் பக்கத்தின் நடுவில் இல்லை என்று பொருள். ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பக்கங்களுக்கு வெவ்வேறு ஓரம் விடும் இதழ்களிலும், சாய்ந்து ஸ்கேன் செய்யப்பட்ட பழைய கட்டுரைகளிலும் இது நேர்கிறது. அப்போது அந்த வெற்றிடத்தைத் தானே தேடிக் கண்டறியும் `k2pdfopt` நிரலைப் பயன்படுத்துங்கள்:

```
k2pdfopt paper.pdf -mode 2col
```

இது ஓரங்களையும் நீக்குவதால் எழுத்து இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் சமன்பாடுகளும் படங்களும் நிறைந்த பக்கங்களில் இந்நிரல் பத்தி எல்லையைத் தவறாகக் கணித்துவிடக்கூடும் என்பதால், நேர்த்தியாக அச்சான கட்டுரைகளுக்கு முதல் முறையையே நான் விரும்புகிறேன்.