ஆண்டறிக்கையில் புதுச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கேள்வி: சார், தண்டையார்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மணலியில் ஆலை உள்ள ஒரு கெமிக்கல் கம்பெனியின் 300 ஷேர் என்னிடம் இருக்கிறது. இப்போது மெயிலில் ஆண்டறிக்கை வந்திருக்கிறது, 240 பக்கம். கம்பெனியில் சமீபத்தில் என்ன நடந்தது என்று தெரிய டைரக்டர்கள் அறிக்கையைப் படி என்கிறார் மச்சான். திறந்தால் எல்லாம் சட்டப் பிரிவு எண்களாக இருக்கிறது. எதை சார் படிப்பது?

பதில்: மச்சான் சொன்ன இடம் சரிதான். ஆனால் முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். டைரக்டர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், கையெழுத்துக்குக் கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள். கணக்கு மார்ச் 31 அன்று முடிந்திருக்கும். அறிக்கையில் கையெழுத்தானது மே மாதமாகவோ ஆகஸ்டாகவோ இருக்கும். இந்த இடைவெளியில் நடந்தது பெரும்பாலும் லாப நட்டக் கணக்கில் வராது. அதைச் சொல்லவென்றே 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 134ஆம் பிரிவில் ஓர் இடம் வைத்திருக்கிறது: ஆண்டு முடிந்த பிறகு, அறிக்கைத் தேதிக்குள், கம்பெனியின் நிதி நிலையைப் பாதிக்கும் பெரிய மாற்றம் ஏதும் நடந்திருந்தால் டைரக்டர்கள் எழுதியாக வேண்டும். பிடிஎஃப் கோப்பின் தேடல் பெட்டியில் material changes என்று தட்டினால் அந்தப் பத்தி வந்துவிடும்.

பெரும்பாலும் அங்கே ‘அப்படி எதுவும் இல்லை’ என்று ஒரே வரிதான் இருக்கும். ‘இந்த அறிக்கையில் வேறிடத்தில் சொல்லப்பட்டவை தவிர’ என்ற வால் ஒட்டியிருந்தால் மட்டும் விடாதீர்கள். அந்த ‘வேறிடம்’ பெரும்பாலும் கணக்குக் குறிப்புகளின் கடைசியில், ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வுகள் என்ற தலைப்பில் இருக்கும்.

தேதியை ஏன் முதலில் பார்க்கச் சொன்னேன் என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்ததே, அது 2023-24 நிதியாண்டுக்குள் நடந்தது. அந்த ஆண்டின் அறிக்கையில் மேலே சொன்ன பத்தியில் அதைத் தேடினால் கிடைக்காது. ஓர் ஆலை எத்தனை நாள் நின்றது, இன்சூரன்ஸ் பணம் வந்ததா என்பதெல்லாம், அந்த ஆண்டின் தொழில் நிலவரத்தை நிர்வாகமே விவரிக்கும் ‘மேனேஜ்மென்ட் டிஸ்கஷன்’ பகுதியில்தான் பெரும்பாலும் வரும். பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு இந்தப் பகுதி செபி விதிப்படி கட்டாயம். சில கம்பெனிகள் டைரக்டர்கள் அறிக்கைக்குள்ளேயே வைக்கும், சில தனி அத்தியாயமாகப் போடும்.

இந்த டிஸ்கஷனின் முதல் சில பக்கங்கள் உலகப் பொருளாதாரம், இந்திய வளர்ச்சி என்று போகும். தாராளமாகத் தாண்டுங்கள். அதே பத்திகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் சோப்புக் கம்பெனிக்கும் பொருந்தும். நிற்க வேண்டிய இடம், முக்கிய விகிதங்களின் அட்டவணை. போன ஆண்டைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறிய விகிதத்துக்குக் கம்பெனி காரணம் எழுதியே தீர வேண்டும்.

உதாரணமாக, வாடிக்கையாளர் பாக்கி ஓராண்டில் எத்தனை முறை வசூலாகிச் சுழல்கிறது என்ற விகிதம் 12இலிருந்து 8க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். முன்பு சரக்கு விற்று 30 நாளில் வந்த பணம், இப்போது 45 நாளாகிறது என்று அர்த்தம். உங்கள் கடையின் கடன் நோட்டு கனத்துப் போவது போலத்தான். ‘மார்ச்சில் விற்பனை அதிகம் நடந்ததால்’ என்று காரணம் எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. செப்டம்பர் காலாண்டு முடிவோடு சொத்து, பொறுப்பு அட்டவணையும் வெளியாகும். மார்ச் விற்பனைதான் காரணம் என்றால் அதற்குள் பாக்கி இறங்கியிருக்க வேண்டும். ‘வியாபாரச் சூழல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், காரணம் சொல்லவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த 25 சதவீத விதியில் ஓர் ஓட்டை உண்டு. ஒப்பீடு முந்தைய ஓராண்டோடு மட்டும்தான். விகிதம் 12இலிருந்து 9.6க்கும், அடுத்த ஆண்டு 7.7க்கும் இறங்கினால் ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் அளவுக்குத்தான் குறைவு, விளக்கம் தேவையில்லை. ஆனால் 30 நாள் 47 நாளாகிவிட்டது! அதனால் போன ஆண்டின் அறிக்கையையும் பிஎஸ்இ இணையதளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் வைத்துக்கொண்டால் அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியும்: போன ஆண்டு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். போன அறிக்கையில் ‘ரூ.80 கோடியில் விரிவாக்கம், டிசம்பரில் உற்பத்தி தொடங்கும்’ என்று இருந்தது. இந்த அறிக்கையில் ‘விரிவாக்கப் பணிகள் நல்ல முன்னேற்றத்தில் உள்ளன’ என்று மட்டும் இருக்கிறது. மாதம் காணாமல் போய்விட்டது. இப்போது தேடல் பெட்டியில் capital work-in-progress என்று தட்டி, கணக்குக் குறிப்பில் முடியாத பணிகளின் வயது அட்டவணையைப் பாருங்கள். 2021-22 முதல் இது கட்டாயம். மொத்தம் 62 கோடி. அதில் ஓராண்டுக்குள் போட்டது 6 கோடி, ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு ஆனது 50 கோடி, அதற்கும் பழையது 6 கோடி என்று இருந்தால்? இந்த ஆண்டு முழுக்க அந்தப் பணிக்குப் போன பணம் வெறும் 6 கோடி. பாக்கி 18 கோடி இன்னும் போட வேண்டும். நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தாலும் வேலை கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம். காலக்கெடுவோ பட்ஜெட்டோ தாண்டிய திட்டங்களுக்கு, எப்போது முடியும் என்ற தனி அட்டவணை அதன் கீழேயே இருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

இப்படி எண்ணோடு ஒட்டிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், டிஸ்கஷனை ஆடிட்டர் தணிக்கை செய்வதில்லை. கணக்கோடு பெரிதாக முரண்படுகிறதா என்று படித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். வார்த்தைகள் முழுக்க நிர்வாகத்துடையவை.

மணலி கெமிக்கல் கம்பெனி என்பதால் இன்னொன்று. நீதிமன்றம், தீர்ப்பாயம் போட்ட முக்கிய உத்தரவுகள் பற்றி டைரக்டர்கள் அறிக்கையில் ஒரு பத்தி வரும். அங்கே ‘இல்லை’ என்று இருந்தால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி தொடர்ந்து நடப்பதையும் வருங்காலச் செயல்பாட்டையும் பாதிக்கும் உத்தரவைத்தான் அந்த விதி கேட்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கு, வரித் தகராறு போன்றவற்றைக் கணக்குக் குறிப்பின் contingent liabilities பகுதியில் தேடுங்கள்.

அறிக்கைத் தேதிக்குப் பிறகு நடந்ததற்கு பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் கம்பெனி தரும் அறிவிப்புகளைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், அறிக்கையோடு ஆண்டுப் பொதுக்குழுக் கூட்ட நோட்டீஸும் வந்திருக்கும். பேசப் பதிவு செய்ய மெயில் முகவரியும் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். 300 ஷேர்காரருக்கும் கேட்க உரிமை உண்டு. உங்கள் கம்பெனியிலும் அப்படித் தாமதம் தெரிந்தால், விரிவாக்கத்தில் உற்பத்தி எந்த மாதம் தொடங்கும், தாமதத்தால் செலவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று இரண்டே கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.